கர்ப்பகாலச் சர்க்கரை: குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கும் நாள் முதல் ஆறாம் வாரப் பரிசோதனை வரை

எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வதற்கே மூன்று வாரங்கள் வீணாயின. இருபத்தைந்தாம் வாரத்தில் காரைக்குடியில் ஒரு தனியார் ஆய்வகத்தில் குளுக்கோஸ் குடித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டிய இரத்தத்தை, சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதென்று ஒரு மணி இருபது நிமிடத்திலேயே எடுத்துவிட்டார்கள். வந்த எண் 151. ஒரு மருத்துவர் அதைச் சர்க்கரை என்றார், இன்னொருவர் சரியான அளவுதான் என்றார். மறுபடி முறையாகச் செய்தபோது 143 வந்தது. அதற்கும் இரண்டு விதமான விளக்கம் கிடைத்தது. இந்தக் குழப்பத்துக்கான காரணம் எனக்குப் புரிந்தபோது இருபத்தெட்டாம் வாரம் நடந்துகொண்டிருந்தது. செட்டிநாட்டுப் பக்கம் முதன்முறை கருவுற்றிருப்பவர்களுக்கு அந்த மூன்று வாரங்கள் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். மருந்தின் அளவை மட்டும் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அது உங்கள் மருத்துவர் உங்கள் எண்களைப் பார்த்து எழுதித் தர வேண்டியது.

1. பதிவு செய்யும் நாளிலேயே முதல் பரிசோதனையைக் கேளுங்கள்

கருத்தரித்தது உறுதியானதும் உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வாரங்களுக்குள் இதைச் செய்துவிடுவது நல்லது. மகப்பேறு நிதியுதவிக்கும் இந்தப் பதிவுதான் ஆதாரம். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம், எப்போதும் உங்கள் கையில் இருக்கும் கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். கணவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு அவர் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டால், வரும் தகவல்கள் எல்லாம் அவரிடம்தான் போய்ச் சேரும்.

சர்க்கரைப் பரிசோதனை இரண்டு முறை செய்யப்பட வேண்டும். முதலாவது, பதிவு செய்ய முதன்முறை போகும்போதே. அதில் சரியாக இருந்தால், 24 முதல் 28 வாரங்களுக்குள் இரண்டாவது. இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு வாரங்கள் இருக்க வேண்டும். முதலாவது சரியாக வந்துவிட்டது என்று இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கத் தொடங்குவது கர்ப்பத்தின் பிற்பாதியில்தான் என்பதால், மூன்றாம் மாதத்தில் நன்றாக இருந்த ஒருவருக்கு ஆறாம் மாதத்தில் சர்க்கரை ஏறியிருப்பது சாதாரணமாக நடக்கக்கூடியது. தாகம், சோர்வு போன்ற அறிகுறி எதுவும் எனக்கு இருக்கவில்லை, பெரும்பாலானவர்களுக்கு இருப்பதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. கர்ப்பிணிகளுக்கான நாள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. காலையிலேயே போய்விடுங்கள், ஏனென்றால் குளுக்கோஸ் குடித்த பிறகு முழுதாக இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

2. குளுக்கோஸ் குடிக்கும் நாள்

அரசு நிலையங்களில் செய்வது ஒரே கட்டப் பரிசோதனை. காலையில் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் செய்யலாம். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் குடித்து முடிக்க வேண்டும். குடிக்கத் தொடங்கியபோது கடிகாரத்தில் என்ன மணியோ, அதை உங்கள் அட்டையில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கப்பட வேண்டும். "கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா ஒன்னும் இல்லைம்மா" என்று எனக்குச் சொல்லப்பட்டது. முன்னதாக எடுத்தால் எண் பெரும்பாலும் கூடுதலாகவும், பிந்தி எடுத்தால் குறைவாகவும் காட்டும். எல்லைக்கோட்டுக்கு அருகில் இருப்பவருக்கு இருபது நிமிடங்கள் தீர்ப்பையே மாற்றிவிடும்.

வெளியில் வாங்கினால் பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் பல பொட்டலங்கள் 100 கிராம் கொண்டவை. முழுவதையும் கொட்டிக் கரைத்துவிட்டால் பரிசோதனை செல்லாது. பழச்சுவையும் விட்டமினும் சேர்த்த கோடைக்கால பானப் பொடிகளும் இதற்கு உதவாது. 75 கிராம் என்பது நீர்ச்சத்து இல்லாத குளுக்கோஸுக்கு உரிய அளவு. பொட்டலத்தில் மோனோஹைட்ரேட் என்று இருந்தால் 82.5 கிராம் எடுக்க வேண்டும்.

அந்தத் தித்திப்பு குமட்டும். குடித்த முப்பது நிமிடங்களுக்குள் வாந்தி வந்துவிட்டால் அன்றைய பரிசோதனையை விட்டுவிட்டு மறுநாள் செய்ய வேண்டும். முப்பது நிமிடங்களுக்குப் பிறகு வந்தால் தொடரலாம். காத்திருக்கும் நேரத்தில் தண்ணீர் குடிக்கலாம். வேறெதையும் சாப்பிடவோ, கடைத்தெருவுக்கு நடந்துவிட்டு வரவோ கூடாது. நான் இரண்டாம் முறை போனபோது ஆளோடி வைத்த பழைய வீடொன்றில் இயங்கிய ஆய்வகத்தில், தூணில் சாய்ந்து, மடியில் கைப்பேசியின் அலாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். அலாரம் அடித்ததும் நானே எழுந்து போய்க் கையை நீட்டினேன்.

3. வந்த எண்ணைப் படிப்பது: 140-ஆ, 153-ஆ?

என்னைக் குழப்பியது இதுதான். ஒரே கட்டப் பரிசோதனையில் இரண்டு மணி நேர எண் 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை. ஆனால் பல தனியார் மருத்துவமனைகள் வேறொரு முறையைப் பின்பற்றுகின்றன. அதில் இரவு முழுக்க வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு, அதே 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து, மூன்று முறை இரத்தம் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 என்பவை அதன் எல்லைகள். மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டினாலும் சர்க்கரைதான்.

ஆகவே என்னுடைய 143 முதல் முறைப்படி சர்க்கரை. இரண்டாம் முறையின் கடைசி எல்லையோடு மட்டும் ஒப்பிட்டால் சர்க்கரை இல்லை. ஒரு முறையில் இரத்தம் எடுத்துவிட்டு இன்னொரு முறையின் அட்டவணையை வைத்துப் படித்ததுதான் பிழை. அறிக்கையை வாங்கும்போதே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது எந்த முறை? வெறும் வயிற்று எண் எடுக்கப்பட்டதா? எடுக்கவே இல்லையென்றால் 153-ஐ வைத்து "ஒன்றுமில்லை" என்று சொல்ல முடியாது. மூன்று மாதச் சராசரி என்று எடுக்கப்படும் எச்பிஏ1சி பரிசோதனையும் இந்தக் கேள்விக்கு விடை தராது. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் விரைவாகப் புதுப்பிக்கப்படுவதாலும், நம் பெண்கள் பலருக்கு இரத்தசோகை இருப்பதாலும் அந்த எண்ணை நம்பி இருக்க முடியாது.

எந்த முறை என்று இழுபறி நீடித்தால், முடிவு வரும்வரை உணவைச் சரிசெய்துகொண்டு வீட்டில் அளந்து பார்ப்பதில் நட்டம் எதுவும் இல்லை. எனக்குத் தெளிவு கிடைத்ததும் அப்படித்தான்.

4. கருவி, ஸ்ட்ரிப், குறிப்பேடு

அரசு நிலையத்தில் மட்டும் பார்த்துக்கொள்பவர்களுக்கு 28 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு வாரம் ஒருமுறையும் சாப்பிட்ட இரண்டு மணி நேர அளவு எடுக்கப்படும். முடிந்தவர்கள் வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் வைத்துக்கொள்வது நல்லது. நான் வாங்கிய கருவி தொள்ளாயிரம் ரூபாய். ஐம்பது ஸ்ட்ரிப் கொண்ட டப்பா ஆயிரத்துக்குச் சற்று மேல். கருவியின் விலையைப் பார்க்காமல் ஸ்ட்ரிப்பின் விலையையும், அது உங்கள் ஊர் மருந்துக்கடையில் எப்போதும் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். மலிவான கருவிக்கு ஸ்ட்ரிப் தேடித் திருச்சிவரை ஆள் அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். நாளுக்கு நான்கு முறை என்றால் ஒரு டப்பா பன்னிரண்டு நாட்களில் தீர்ந்துவிடும். எண்கள் நிலைப்பட்ட பிறகு மருத்துவரைக் கேட்டு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

நான்கு வேளைகள்: காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், பிறகு மூன்று உணவுக்கும் பின். இலக்குகள் இவை. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ், அல்லது இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். ஒரு மணியா இரண்டு மணியா என்பதை மருத்துவரிடம் கேட்டு ஒன்றையே பின்பற்றுங்கள். நேரத்தை முதல் கவளம் வாய்க்குப் போன நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும். கை கழுவிய நேரத்திலிருந்து அன்று.

அளக்கும்போது நேரும் தவறுகளில் ஒன்றை என் வீட்டிலேயே பார்த்தேன். ஒருநாள் பிற்பகல் 186 காட்டியது. பயந்துபோய் யோசித்தபோதுதான், சற்று முன் மாமியாருக்காக மாம்பழம் நறுக்கிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தியபோது 114. விரலில் ஒட்டியிருந்த சாறுதான் மீதி எழுபத்திரண்டையும் காட்டியது. கைக்கிருமிநீக்கி இந்த ஒட்டலைப் போக்காது; தண்ணீரும் சோப்பும் வேண்டும், ஈரமும் இருக்கக்கூடாது. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை அடுப்பங்கரையில் வைக்காதீர்கள், மூடியைத் திறந்தபடி விடாதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் இருந்த ஸ்ட்ரிப்பை நம்பவே முடியாது.

குறிப்பேட்டில் எண்ணை மட்டும் எழுதினால் மருத்துவருக்குப் பயன் குறைவு. தேதி, முதல் கவளத்தின் நேரம், என்ன சாப்பிட்டோம், எத்தனை என்பது, பிறகு எண். இந்த ஐந்தும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

5. சமையலறையை மாற்றாமல் தட்டை மாற்றுவது

முதல் வாரம் நான் அரிசியையே விட்டுவிட்டேன். அது தவறு. மாவுச்சத்தை அறவே குறைத்தால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும். குழந்தைக்கு அது நல்லதன்று, எடையும் குறையத் தொடங்கும். செய்ய வேண்டியது நாள் முழுதுக்குமான மாவுச்சத்தைப் பிரித்துப் போடுவது: மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று சிறு தீனி. சுமார் 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வேளை உணவிலும் இரண்டு அல்லது மூன்று பங்கு, சிறு தீனியில் ஒன்று அல்லது இரண்டு. நடுத்தர அளவு இட்லி ஒன்று ஏறக்குறைய ஒரு பங்கு. அரை கப் சோறும், சிறிய வாழைப்பழம் ஒன்றும், ஒரு டம்ளர் பாலும் கிட்டத்தட்ட அப்படியே.

காலை உணவுதான் கடினமானது, ஏனென்றால் காலையில் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் ஹார்மோன்கள் அதிகம். மதியம் தாங்குகிற அளவைக் காலை தாங்காது. என் குறிப்பேட்டில் உள்ள நான்கு காலைகள் இவை. முதல் நாள் நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, சர்க்கரை போட்ட காபி: இரண்டு மணி நேரத்தில் 152. இரண்டாம் நாள் மூன்று இட்லி, சர்க்கரை இல்லாத காபி: 138. மூன்றாம் நாள் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் பருப்பு கூடிய சாம்பார், ஒரு அவித்த முட்டை, பிறகு பத்தரை மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டல்: 117. நான்காம் நாள் அதே உணவோடு, சாப்பிட்டதும் வளவுக்குள்ளேயே பதினைந்து நிமிட நடை: 104. பசியும் எடுக்கவில்லை, ஏனென்றால் மூன்றாவது இட்லி இருந்த இடத்தை முட்டையும் பருப்பும் பிடித்துக்கொண்டன. இடையில் ஒருநாள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சாப்பிட்டேன்; அன்று 171. இடியாப்பத்தை விட்டுவிட வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, தேங்காய்ப்பால் சர்க்கரைக்குப் பதிலாகக் குருமாவோ முட்டைக் குழம்போ தொட்டுக்கொண்டபோது இலக்குக்குள் வந்தது.

மதியம் ஒரு கப் சோறு, அதைவிட அதிகமாகக் காய், ஒரு மீன் துண்டோ நாட்டுக்கோழியோ பருப்போ. செட்டிநாட்டுக் குழம்புகளால் சர்க்கரை ஏறுவதில்லை. குழம்பு நன்றாக இருந்ததால் கூடப் போட்டுக்கொண்ட சோற்றால் ஏறுகிறது. கோசமல்லி, மண்டி, பொரியல், கூட்டு எதையும் குறைக்க வேண்டியதில்லை. சோற்றுக்கு முன் காயைச் சாப்பிட்டுவிடுவது எனக்கு உதவியது.

நம் பக்கத்து நம்பிக்கைகள் மூன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவுனி அரிசி கறுப்பாக இருப்பதால் சர்க்கரைக்கு நல்லது என்று என் அப்பத்தா ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தார்: "ஆத்தா, இது ஒன்னும் செய்யாது, சத்து." கவுனியில் நார்ச்சத்து உண்டு, உண்மைதான்; ஆனால் அந்தக் கிண்ணத்தில் அதற்கு ஈடாகச் சர்க்கரையும் தேங்காயும் இருந்தன, கவுனியும் அரிசிதான். கும்மாயம், கருப்பட்டிப் பணியாரம் ஆகியவற்றைப் பற்றியும் இதே பேச்சு எழும். கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் தேனும் இரத்தத்தில் சர்க்கரையாகவே சேர்கின்றன. மூன்றாவது, வெள்ளைப் பணியாரத்தில் இனிப்பே இல்லை என்ற ஆறுதல். பச்சரிசி மாவு இருக்கிறதே. வளைகாப்பு நாளில் ஐந்து வகைக் கலவைச் சோறும் வந்து நிற்கும்போது எல்லோர் மனமும் நோகாமல் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டேன். ஐந்து கரண்டி சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பதை அன்று மாலை கருவி சொன்னது.

அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் சத்துமாவும் இருக்கும். இரும்புச்சத்துக்காக என்று பேரீச்சையைக் கைநிறைய அள்ளிச் சாப்பிடாமல், ஒன்றோ இரண்டோ மட்டும், அதையும் ஒரு தீனிப் பங்காகக் கணக்கிட்டு எடுங்கள். சத்துமாவின் உறையில் சர்க்கரை அளவு எழுதியிருக்கும். படித்துவிட்டுச் செவிலியரிடம் கேளுங்கள்.

6. இரண்டு வாரக் கணக்கு, பிறகு மருந்து

உணவையும் நடையையும் இரண்டு வாரம் சரியாகக் கடைப்பிடித்த பிறகும் இரண்டு மணி நேர எண் 120-க்கு மேலேயே நின்றால் மருந்து தேவை. தொடக்கத்திலேயே 200-ஐத் தாண்டியவர்களுக்கு இந்த இரண்டு வாரக் காத்திருப்பும் கிடையாது. மெட்ஃபார்மின் மாத்திரையா இன்சுலினா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைக் கடக்கும், இன்சுலின் கடக்காது.

என் உணவுக்குப் பிந்தைய எண்கள் அடங்கிவிட்டன. ஆனால் முப்பத்திரண்டாம் வாரத்தில் காலை வெறும் வயிற்று எண் 97, 101, 98 என்று ஏறியது. இரவுச் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தேன், இன்னும் ஏறியது. படுக்குமுன் ஒரு டம்ளர் பாலும் நான்கு பாதாமும் சேர்த்துக்கொண்டபோது சற்று இறங்கியது, இலக்குக்கு வரவில்லை. வெறும் வயிற்று எண் நாம் சாப்பிட்டதைவிட, இரவில் கல்லீரல் வெளியிடும் சர்க்கரையைப் பொறுத்தது. பட்டினி கிடந்து அதை இறக்க முடியாது. இரவு ஊசி ஒன்று தொடங்கியதும் நான்காம் நாள் 91 வந்தது. "இன்சுலின் போட்டால் காலம் முழுக்கப் போட வேண்டும்" என்று தெருவே சொன்னது. பிரசவம் ஆன அன்றே எனக்கு அது நிறுத்தப்பட்டது.

இன்சுலினில் கவனிக்க வேண்டியது சிரிஞ்சு. அரசு நிலையங்களில் தரப்படும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடியுள்ள 40 யூனிட் சிரிஞ்சு. ஒரு மில்லிக்கு 100 யூனிட் கொண்ட குப்பிகளும் கடைகளில் உண்டு. அவற்றுக்கு ஆரஞ்சு மூடியுள்ள சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 8 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். மாற்றி இழுத்தால் 3.2 யூனிட்தான் போகும், எண் இறங்கவே இறங்காது. குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். மருந்தைக் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் வைக்கக் கூடாது.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே அளந்து பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளந்து, பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். கருவி கையருகே இல்லையென்றால் அளக்கக் காத்திராமல் குடித்துவிடுங்கள்.

7. தாய்வீட்டுக்குக் கிளம்பும் முன்

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தால் சிகிச்சை நடுவில் அறுந்துபோகிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, எண்கள் ஏறும் காலமும் ஊர் மாறும் காலமும் ஒன்றாக வருகின்றன. கிளம்பும் முன் தாய் சேய் நல அட்டை, பிக்மி எண், குளுக்கோஸ் பரிசோதனை அறிக்கை, குறிப்பேடு, ஸ்கேன் அறிக்கைகள், கடைசி மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். புது ஊர்ச் செவிலியரிடம் முதல் வாரத்திலேயே பதிவை மாற்றிக்கொள்ளுங்கள். 28 முதல் 30 வாரத்திலும், 34 முதல் 36 வாரத்திலும் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன் தேவை. எந்த ஊரில் எடுப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்கப்பட வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள் சிறப்பு மருத்துவர்களும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் உள்ள இடத்தில் பிரசவிப்பது பாதுகாப்பானது. நம் பகுதியில் காரைக்குடி அரசு மருத்துவமனை, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் முப்பத்தாறாம் வாரத்துக்குள் பேசி முடிவெடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே பிரசவம் தேவையில்லை; தானாக வலி வராவிட்டால் 39 வாரம் அளவில் வலி வரவழைப்பார்கள். சர்க்கரை இருப்பது மட்டுமே அறுவைக்குக் காரணம் ஆகாது.

8. பிறந்த முதல் மணியும் மூன்றாம் நாளும்

தாயின் சர்க்கரைக்குப் பழகிய குழந்தை, தொப்புள்கொடி வெட்டப்பட்ட பிறகும் சிறிது நேரம் அதிக இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும். அதனால் குழந்தையின் சர்க்கரை இறங்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் குதிகாலில் குத்தி அளந்துவிட்டு, பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்த பால் கொடுக்கும் முன் பார்ப்பார்கள். 45-க்குக் கீழ் என்றால் குறைவு. என் மகனுக்கு முதலில் 41. பால் கொடுத்த பின் 56. சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதும் தேன் தடவுவதும் இதற்கு மருந்தல்ல. "சர்க்கரை குறைவாமே, கொஞ்சம் சேனை வைக்கலாமே" என்ற பெரியவர்களிடம் செவிலியரே பேசட்டும்.

தாய்க்கு மூன்றாம் நாள் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்திலும் அளவு எடுக்கப்பட வேண்டும். இதற்காகவே கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்களை 48 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. படுக்கை தேவைப்படுகிறது என்று சீக்கிரம் அனுப்பினால், இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். எனக்கு 94, 128. சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

9. ஆறாம் வாரம்: யாரும் அழைக்காத பரிசோதனை

பிரசவமாகி ஆறு வாரம் ஆனதும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். இம்முறை இரவு முழுதும், குறைந்தது எட்டு மணி நேரம், வெறும் வயிறு. எல்லைகளும் வேறு. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நீரிழிவு. இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199 வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. வெறும் வயிற்று எண்ணுக்கு அந்த நிலையின் தொடக்கத்தைச் சில ஆய்வகங்கள் 100 என்றும், சில 110 என்றும் வைத்திருக்கின்றன. பிரசவத்தில் இரத்தம் போயிருப்பதால் எச்பிஏ1சி இப்போதும் பொருந்தாது. வெறும் வயிற்று எண் ஒன்றை மட்டும் எடுத்தாலும் பலரைத் தவறவிடுவோம்.

குழந்தையின் ஆறாம் வாரத் தடுப்பூசியும் இதே வாரத்தில்தான் வருகிறது. தடுப்பூசி நாள் பெரும்பாலும் புதன்கிழமை. அன்று காலை குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஒரு டப்பாவில் இட்லியோடு போங்கள். ஊசியும் போட்டாயிற்று, இரண்டு மணி நேரமும் கழிந்துவிடும். காத்திருக்கும்போது குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், நீங்கள் தண்ணீர் குடிக்கலாம். முதல் நாளே ஆய்வகப் பணியாளரிடம் சொல்லி வையுங்கள், குளுக்கோஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அன்று விடியற்காலையில் பிரசவ லேகியம் ஊட்டிவிடாதபடி வீட்டில் எச்சரியுங்கள். அதில் கருப்பட்டியோ வெல்லமோ இருக்கும், வெறும் வயிறு என்பது போய்விடும். என் முதல் முயற்சி அப்படித்தான் கெட்டது. அடுத்த புதன்கிழமை எடுத்தபோது வெறும் வயிற்றில் 98, இரண்டு மணி நேரத்தில் 152. மூன்றாம் நாளின் 128-ஐ நம்பி இருந்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

10. அதன் பிறகு

ஆறாம் வாரத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றாநோய்ப் பிரிவில் கட்டணமின்றிச் செய்யலாம். அங்கே "முன்பு கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அவர்கள் கையில் உள்ள படிவத்தில் அது தானாக வராது. அடுத்த குழந்தைக்கு முன்பே ஒருமுறை பரிசோதியுங்கள். கருவுற்றால் முதல் வருகையிலேயே குளுக்கோஸ் பரிசோதனை வேண்டும். அதுவரை எந்தக் கருத்தடை முறை என்பதை ஆறாம் வார வருகையிலேயே கேட்டுவிடலாம்.

மறக்காமல் இருக்க, என் மகனின் பிறந்தநாள் மாதத்தின் முதல் புதன்கிழமையை இதற்கென்று நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். முதல் ஆண்டு இரண்டு மணி நேர எண் 131 வந்தது. அந்தச் சீட்டு அவனுடைய தடுப்பூசி அட்டைக்குப் பின்னாலேயே, அதே உறையில் இருக்கிறது.